படுக்கையில் புரண்டால் மட்டும் தலைசுற்றல்: எப்படி அடையாளம் காண்பது?

கேள்வி: "காட்பாடியில் இருக்கிறேன், வயது 54. பத்து நாட்களாகப் படுக்கையில் வலது பக்கம் புரண்டால் அறை முழுவதும் சுழல்கிறது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. பகலில் நடமாடும்போது ஒன்றும் இல்லை. எக்ஸ்ரே பார்த்துவிட்டுக் கழுத்து எலும்பு தேய்மானம் என்று சொல்லிப் பட்டை போட்டிருக்கிறார்கள். வீட்டில் மூளைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். எதை நம்புவது?"

கழுத்தா, மூளையா என்ற கேள்விக்கு நடுவில் நீங்கள் நிற்கிறீர்கள். எனக்கோ இதைப் படித்ததும் நினைவுக்கு வருவது மூன்றாவதாக ஓர் இடம்: உள்காது. வேலூர்ப் பக்கத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவராகப் பல ஆண்டுகள் வேலை செய்கிறேன். ஆம்பூர், குடியாத்தம், ஆரணி என்று எங்கிருந்து வந்தாலும், இந்தத் தலைசுற்றலைச் சொல்பவர்களின் கதை ஏறக்குறைய உங்கள் கதையைப் போலவேதான் இருக்கும். ஆனால் கதையை வைத்துச் சந்தேகப்படத்தான் முடியும். உறுதி செய்ய உங்களைப் படுக்க வைத்து, அந்தச் சுழற்சி வரும் நேரத்தில் உங்கள் கண்களை ஒருவர் நேரில் பார்க்க வேண்டும். அதை நான் இங்கிருந்து செய்ய முடியாது. ஆகவே இது காதிலிருந்து வருவதுதானா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்பதையே விரிவாகச் சொல்கிறேன். அது தெரிந்தால், யாரிடம் போனாலும் சரியான சோதனை நடந்ததா என்று உங்களுக்கே புரியும்.

தலைசுற்றல் என்று வருபவர்களிடம் "எப்படிச் சுற்றுகிறது?" என்று நான் நீண்ட நேரம் கேட்பதில்லை. ஒரே ஆள் காலையில் கிறுகிறுப்பு என்பார், மாலையில் மயக்கம் என்பார், மறுநாள் தள்ளாடுகிறது என்பார். "எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது?" என்ற இரண்டு கேள்விகளுக்கு வரும் பதில் அப்படி மாறுவதில்லை. தலையின் நிலை மாறும்போது மட்டும் வந்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டால், அது நிலைசார் தலைசுற்றலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மருத்துவச் சீட்டில் பி.பி.பி.வி. என்று எழுதுவார்கள். உள்காது நரம்பின் அழற்சியில் சுழற்சி நாள்கணக்கில் விடாமல் இருக்கும்; அசையாமல் படுத்தாலும் நிற்காது. மெனியர் நோயில் ஒரு தடவை வந்தால் இருபது நிமிடத்திலிருந்து சில மணி நேரம் வரை நீடிக்கும். ஒரு காதில் இரைச்சலும் கேட்கும் திறன் குறைவதும் கூட வரும். உங்களுக்குச் சில நொடிகளில் நின்றுவிடுகிறது என்றால் அந்த இரண்டும் பொருந்தவில்லை.

அந்தச் சில நொடிகள் என்பதையும் ஒரு முறை கடிகாரம் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சுழலும்போது இருபது நொடி ஐந்து நிமிடமாகத் தோன்றும். பக்கத்தில் இருப்பவர் எண்ணிச் சொன்னால் இன்னும் நல்லது. சுழற்சி நின்ற பிறகும் குமட்டலும், தலைக்குள் ஒருவித மிதப்பும் அரை மணி நேரம் இருக்கலாம். அதைச் சுழற்சியின் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இரத்த அழுத்தம் இறங்குவதால் வரும் கிறுகிறுப்பையும் இதனோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கும் படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வரும். ஆனால் அவர்கள் படுத்த வாக்கிலேயே புரண்டால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் புரள்வதால் தலைக்கு ஏறும் இரத்தம் குறைவதில்லை. படுத்துக்கொண்டே பக்கம் மாறும்போது சுழல்கிறது என்பதுதான் நீங்கள் எழுதியதில் மிகவும் பயனுள்ள செய்தி. நிமிர்ந்து பரண்மேல் பாத்திரம் எடுக்கும்போதும், கொடியில் துணி போடும்போதும், குனிந்து வாசலில் கோலம் போட்டு நிமிரும்போதும் சுழல்கிறதா என்று பாருங்கள். அதுவும் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

ஏன் இப்படி நடக்கிறது? நம் உள்காதில் தலையின் சாய்வை உணரும் ஒரு பை இருக்கிறது. அதன் மேல் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள், அதாவது கால்சியம் கார்பனேட் படிகங்கள், ஒட்டிக்கொண்டிருக்கும். அவை எல்லோருக்கும் உண்டு, பிறவியிலிருந்தே உண்டு. வயதாகும்போதோ, தலையில் அடிபட்டாலோ, பல நேரங்களில் காரணம் எதுவும் புலப்படாமலோ சில துகள்கள் கழன்றுவிடுகின்றன. பைக்குப் பக்கத்தில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை திரும்புவதை உணர்வது அவற்றின் வேலை. கழன்ற துகள்கள் அவற்றில் ஒன்றுக்குள் போய்விட்டால் கோளாறு தொடங்குகிறது. பெரும்பாலோருக்கு அவை பின்பக்கக் குழலில்தான் சேரும், ஏனென்றால் நிற்கும்போது பள்ளமான இடம் அதுதான். செம்புத் தண்ணீரில் அடியில் கிடக்கும் மணல், செம்பைச் சாய்த்ததும் நகர்ந்து வேறிடத்தில் படிகிறது அல்லவா, அதுபோல நீங்கள் புரளும்போது துகள்கள் நகர்கின்றன. அவை நகரும்போது குழலுக்குள் இருக்கும் திரவத்தையும் இழுக்கின்றன. திரவம் அசைந்தால் "தலை சுழல்கிறது" என்று மூளைக்குச் செய்தி போகிறது. மூளை அதை நம்பிக் கண்களைத் திருப்புகிறது. அறை சுற்றுவதாகத் தோன்றுவது அதனால்தான்.

சோதனையில் நாங்கள் தேடும் எல்லாமே இந்த ஒரு காரணத்திலிருந்து பிறப்பவை. துகள்கள் நகரத் தொடங்கச் சிறிது நேரம் ஆகும். எனவே படுத்த உடனே சுழலாது, சில நொடிகள் கழித்துத்தான் தொடங்கும். பள்ளத்தை அடைந்ததும் அவை நின்றுவிடும். எனவே ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். எழுந்து உட்கார்ந்தால் வந்த வழியே திரும்பும். எனவே கண்ணின் துடிப்பு எதிர்த்திசையில் வரும். மறுபடி மறுபடி செய்தால் துகள்கள் கலைந்து சிதறும். எனவே இரண்டாம், மூன்றாம் முறை வீச்சு குறையும். காலையில் முதல் முறை புரளும்போது மிகக் கடுமையாகவும், பகலில் லேசாகவும் இருப்பதற்கும் இதே காரணத்தைத்தான் சொல்கிறோம்.

சோதனையை ஒருவருக்கு நடந்தபடியே சொல்கிறேன். குடியாத்தத்தில் பீடி சுற்றும் ஓர் அம்மா, அறுபதை நெருங்கிய வயது. முறத்தை மடியில் வைத்து நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்பவர். குனிந்திருக்கும்போது அவருக்கு ஒன்றும் இல்லை. வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் மட்டும் கூரை சுற்றியது. பித்தம் என்று முதலில் இஞ்சிச் சாறு கொடுத்தார்கள். பிறகு எக்ஸ்ரே, கழுத்துப் பட்டை, தலைசுற்றல் மாத்திரை. என்னிடம் வந்தபோது பயத்தில் பல இரவுகளாக நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். கழுத்து அசையவே இல்லை. பட்டை அவிழ்த்ததும் கையால் தலையைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் அவரிடம் நடக்கப்போவதைச் சொன்னேன்: "சுற்றத்தான் போகிறது அம்மா, ஒரு நிமிடத்தில் நின்றுவிடும், கண்ணை மட்டும் மூடாதீர்கள்." இதைச் சொல்லாமல் படுக்க வைத்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள், நான் பார்க்க வேண்டியதே கண்தான். கட்டிலில் கால் நீட்டி உட்கார வைத்தேன். மல்லாந்தால் தலை கட்டிலின் விளிம்பைத் தாண்டி வரும்படி இடம் பார்த்துக்கொண்டேன். சந்தேகம் இல்லாத இடது பக்கத்தை முதலில் பார்ப்பது என் வழக்கம். தலையை இடது புறம் 45 டிகிரி திருப்பி, இரு கைகளாலும் தாங்கி, சற்று வேகமாகப் படுக்க வைத்தேன். தலை உடம்பின் மட்டத்துக்குக் கீழே 20 டிகிரி அளவுக்குத் தாழ்ந்திருக்க வேண்டும். அரை நிமிடத்துக்கு மேல் காத்திருந்தும் ஒன்றும் வரவில்லை. உட்கார வைத்து, சிறிது இளைப்பாறவிட்டு, தலையை வலது புறம் 45 டிகிரி திருப்பி மறுபடி படுக்க வைத்தேன்.

முதல் சில நொடிகள் கண்கள் அமைதியாக இருந்தன. "இப்போது ஒன்றும் இல்லையே டாக்டர்" என்று அவர் சொல்லி வாய் மூடும் முன்பே என் முன்கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கருவிழி ஒரே இடத்தில் அச்சில் திரும்புவதுபோல் சுழன்றது. அதன் மேல் முனை கீழே இருந்த வலது காதை நோக்கி வெட்டி வெட்டித் திரும்பியது. கூடவே கண்கள் நெற்றிப் பக்கமாகவும் துடித்தன. வேகம் கூடிக் கூடி வந்து, பிறகு தளர்ந்து, சுமார் இருபது நொடிகளில் நின்றது. உட்கார வைத்ததும் அதே துடிப்பு எதிர்த்திசையில், இலேசாக வந்தது. மறுபடி படுக்க வைத்தபோது முன்னைவிடக் குறைவாக இருந்தது. வலது காது, பின்பக்கக் குழல் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. இதற்கு எக்ஸ்ரேயோ ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ எதுவும் தேவைப்படவில்லை. லண்டனில் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952 ஆம் ஆண்டில் விவரித்த சோதனை இது. கட்டிலும் இரண்டு கையும் இருந்தால் போதும். எந்தச் சிற்றூர் மருத்துவமனையிலும் செய்துவிடலாம். செய்யாமல் விடுவதுதான் எனக்கு வருத்தம்.

சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டால் நோய் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அன்று துகள்கள் சிதறியிருக்கலாம். நோயாளி காலையில் சாப்பிட்ட தலைசுற்றல் மாத்திரை கண்ணின் துடிப்பை மங்கச் செய்திருக்கலாம். அதனால் வருவதற்கு முன் அந்த மாத்திரையை நிறுத்தலாமா என்று கொடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை நிறுத்த வேண்டாம். இன்னொன்று, இரு பக்கம் புரண்டாலும் கடுமையாகச் சுழன்றால் துகள் பக்கவாட்டுக் குழலில் இருக்கலாம். அதற்கு மல்லாந்து படுக்க வைத்துத் தலையை இரு பக்கமும் திருப்பிப் பார்க்கும் வேறு சோதனை உண்டு. கண் அப்போது இடவலமாகத் துடிக்கும். உங்களுக்கு வலது பக்கம் மட்டும் என்பதால் வலது காது என்று ஊகிக்கிறேன். ஆனால் எந்தக் காது என்பதில் நோயாளியின் சொல்லைவிடக் கண்ணின் திசையையே நம்ப வேண்டும். ஒரு வழி உங்கள் கையிலும் இருக்கிறது: அடுத்த முறை சுழலும்போது வீட்டில் ஒருவர் உங்கள் கண்களுக்கு அருகில் போனைப் பிடித்து, வெளிச்சத்தில், அரை நிமிடம் வீடியோ எடுக்கட்டும். எந்தப் பக்கம் படுத்திருந்தீர்கள் என்பதையும் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மருத்துவரிடம் போகும் நாளில் சுழற்சி வராவிட்டாலும் அது உதவும்.

இப்போது கழுத்துப் பட்டை. ஐம்பதைத் தாண்டிய யாருக்குக் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தாலும் தேய்மானம் தெரிவது சாதாரணம். தலைசுற்றலே வராதவர்களுக்கும் தெரியும். ஆகவே படத்தில் தேய்மானம் இருப்பதால் சுழற்சிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. பட்டை போட்டதும் குறைந்ததுபோல் இருப்பதற்குக் காரணம் உண்டு: தலையைத் திருப்பாமல் இருந்தால் துகளும் நகராது. அதோடு, பலருக்குச் சில வாரங்களில் இது தானாகவே சரியாகிவிடும். பெயர் பட்டைக்குப் போய்விடும். கழுத்து வலியும் கை மரத்துப்போவதும் உங்களுக்கு இருந்தால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டியதுதான். சுழற்சிக்காக மட்டும் என்றால், பட்டை போட்டவரிடமே "படுக்க வைத்துக் கண்ணைப் பார்த்தீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

ஸ்கேன் பற்றி. நீங்கள் எழுதியபடி மட்டுமே இருந்து, சோதனையில் கண்ணும் நான் சொன்ன விதமாகவே துடித்தால் ஸ்கேன் தேவையில்லை. துகள்கள் எந்த ஸ்கேனிலும் தெரியாது. ஆனால் வீட்டில் இருப்பவர்களின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் மூளையின் பின்பகுதியில் வரும் பக்கவாதமும் தலைசுற்றலாகத் தொடங்கலாம். பேச்சுக் குழறல், எல்லாம் இரண்டாகத் தெரிவது, முகம் ஒரு பக்கம் கோணுவது, கை கால் பலவீனம் அல்லது மரத்துப்போவது, விழுங்க முடியாமை, பிடிமானம் இல்லாமல் நிற்கவோ நடக்கவோ முடியாமை, இதுவரை வராத கடுமையான தலைவலி அல்லது கழுத்து வலி, அசையாமல் இருந்தும் நிற்காத சுழற்சி, இவற்றில் ஒன்று வந்தாலும் இந்தப் பதிலை மறந்துவிட்டு 108 அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றே காட்ட வேண்டும். சோதனையின்போது கண் நேர் கீழாக மட்டும் துடித்தாலும், தாமதமே இல்லாமல் தொடங்கி அதே நிலையில் இருக்கும்வரை ஓயாமல் துடித்தாலும் நாங்களே ஸ்கேனுக்கு அனுப்புவோம்.

சிகிச்சையும் கட்டிலிலேயே முடிகிறது. அமெரிக்காவில் எப்ளி என்ற மருத்துவர் வகுத்த முறை. சோதனையில் வலது பக்கம் தாழ்ந்திருந்த தலையை, சுழற்சி நின்ற பிறகு, மெதுவாக இடது பக்கம் 90 டிகிரி திருப்ப வேண்டும். பிறகு உடம்போடு இடது பக்கம் புரண்டு, மூக்கு தரையைப் பார்க்கும்படி தலை வரவேண்டும். பின்பு அப்படியே எழுந்து உட்கார வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். துகள்கள் குழலைச் சுற்றி வந்து பழைய பையில் விழுந்துவிடும். ஒன்றிரண்டு முறையிலேயே பத்தில் எட்டுப் பேருக்குச் சரியாகிறது. பீடி சுற்றும் அந்த அம்மாவுக்கு அன்றே இரண்டு முறை செய்தேன். ஒரு வாரம் கழித்து வந்தபோது வலது பக்கம் படுக்க வைத்தும் கண் அசையவில்லை. நடக்கும்போது இலேசான தள்ளாட்டம் மட்டும் இன்னும் இருப்பதாகச் சொன்னார். சிகிச்சைக்குப் பின் சிலருக்கு அது சில நாள் இருக்கும். சின்னரிசின் போன்ற மாத்திரைகள் குமட்டலைத் தணிக்கும், துகளை நகர்த்தாது. வயதானவர்கள் அதை வாரக்கணக்கில் சாப்பிட்டால் தூக்கக் கலக்கமும் விழும் ஆபத்தும்தான் மிச்சம்.

கழுத்தில் முறிவோ அண்மையில் அறுவையோ நடந்தவர்கள், முடக்குவாதத்தால் கழுத்து மூட்டு தளர்ந்தவர்கள், கழுத்து இரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவர்கள் இதை வீட்டில் முயலவே கூடாது. அவர்களுக்குக் கழுத்தைத் தொங்கவிடாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்துச் செய்யும் மாற்று முறை உண்டு. மற்றவர்களும் முதல் முறை தெரிந்த ஒருவரிடம் செய்துகொள்வதே சரி. அதுவரை உயரமான தலையணை வைத்து இடது பக்கமாகவோ மல்லாந்தோ படுங்கள். எழும்போது கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். மாடிப்படி, ஏணி, இருசக்கர வண்டி இந்த நாட்களில் வேண்டாம்.

இது திரும்பி வரக்கூடியது. சில ஆண்டுகளுக்குள் மூன்றில் ஒருவருக்காவது வருகிறது. வைட்டமின் டி குறைவாக உள்ளவர்களுக்கு அதைச் சரிசெய்தால் திரும்பி வருவது ஓரளவு குறைகிறது என்று 2020 ஆம் ஆண்டில் தென்கொரியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. இருந்தாலும், வந்துவிட்ட சுழற்சியை அது நிறுத்தும் என்று எண்ணி மருந்து வாங்க வேண்டாம். மறுபடி வந்தால், போன தடவை வலது பக்கத்துக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்யத் தொடங்காதீர்கள். அடுத்த தடவை அது இடது காதாக இருக்கலாம். முதலில் படுக்க வைத்து எந்தப் பக்கம் என்று பார்க்கச் சொல்லுங்கள், பிறகுதான் மற்றது.